தொண்டையில் அடைத்தால்: காப்பித் தோட்டத் தொழிலாளர் பயிற்சிக்கான செய்முறைப் பேச்சு

(இடம்: ஏற்காடு, காப்பி உலர்த்தும் களம். உதவிக்கு ஒரு தம்பி. பஞ்சு அடைத்த சாக்குப் பொம்மை ஒன்று.)

0:00 (தட்டுவடை செட்டைத் தூக்கிக் காட்டி)
வணக்கம். நம் சேலத்துத் தட்டுவடை செட். டீ நேரத்தில் பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, முழுசாக வாயில் போடுகிறோம் இல்லையா? அடைப்பது அப்போதுதான்.

0:30 (தம்பி சத்தமாக இருமுகிறார்)
இருமுகிறார், பேச்சும் வருகிறது. அப்படியென்றால் காற்று போய் வருகிறது. "நல்லா இருமுங்க" என்று சொல்லிப் பக்கத்திலேயே நில்லுங்கள். புரை ஏறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்போம். என் பாட்டியும் தட்டியிருக்கிறார். ஆனால் அப்படித் தட்டுவதால் தொண்டையில் இருப்பது அசையாது. தண்ணீரும் கொடுக்க வேண்டாம்.

1:10 (தம்பியின் இருமல் நிற்கிறது. கழுத்தைப் பிடிக்கிறார். 3 விநாடி யாரும் பேசவேண்டாம்)
கேட்டீர்களா? சத்தமே இல்லை. பயப்பட வேண்டியது இதற்குத்தான். "அடைச்சிருக்கா?" என்று கேளுங்கள். பேச முடியாமல் தலையை மட்டும் ஆட்டினால் உடனே இறங்குங்கள்.

(முன்வரிசையில் ஒருவரைக் கைகாட்டி)
"அக்கா, நீங்க 108க்கு அடிங்க." பொதுவாகக் கத்தினால் எல்லாரும் அடுத்தவர் அடிப்பார் என்று இருந்துவிடுவார்கள். சேலத்திலிருந்து வண்டி வந்தால் 20 கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டும். மூச்சு அதுவரை காத்திருக்காது.

1:50 (பக்கவாட்டில், சற்றுப் பின்னால் நின்று, ஒரு கையால் நெஞ்சைத் தாங்கி முன்னால் குனிய வைக்கவும்)
குனிந்தால்தான் வெளியே விழும். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் பலமாக அடியுங்கள். (தம்பியைத் தொட்டுக் காட்டிவிட்டு, பொம்மைமேல் அடித்து) ஒன்று... வந்ததா? இரண்டு... இப்படி 5 வரை.

2:40 (பொம்மைக்குப் பின்னால் போய்)
வரவில்லையா? கைமுட்டியைத் தொப்புளுக்குச் சற்று மேலே, நெஞ்செலும்புக்குக் கீழே வையுங்கள். மறுகையால் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக வெடுக்கென்று இழுங்கள். இதுவும் 5. திரும்ப முதுகில் 5. வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. அடைப்பு இல்லாத ஆள்மேல் இதை விளையாட்டுக்குக்கூட அழுத்தாதீர்கள், உள்ளே காயமாகும்.

3:40 (கைகளை நெஞ்செலும்பின் நடுவுக்கு ஏற்றி)
நிறைமாதப் பெண், வயிற்றைச் சுற்றிக் கை எட்டாதவர் என்றால் இங்கே அழுத்துங்கள். 1 வயதுக்குள் குழந்தைக்கு வயிற்றில் அழுத்தவே கூடாது. அதைத் தனியாகக் காட்டுகிறேன்.

4:10 (பொம்மையைத் தரையில் மல்லாக்கக் கிடத்தி)
மயங்கிவிட்டாரா? நெஞ்சின் நடுவே 30 அழுத்தம், நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில். அப்புறம் வாயைத் திறந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். பிறகு வாயோடு வாய் வைத்து 2 ஊதல், மறுபடி 30 அழுத்தம்.

வயிற்றில் அழுத்தி வெளியே எடுத்தவர் "சரியாயிடுச்சு" என்று வேலைக்குத் திரும்பினாலும் விடாதீர்கள். ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும்.

5:00 (எல்லாரையும் எழுப்பி)
இரண்டிரண்டு பேராக நில்லுங்கள். கை வைக்கும் இடம் மட்டும், அழுத்தம் வேண்டாம். அண்ணா, அந்தத் தட்டுவடையை முதலில் மென்று முழுங்கிவிட்டு வாருங்கள்.