தர உறுதிப் பணி: உணவுத் தொழில்நுட்ப விண்ணப்பதாரரின் ரெஸ்யூமே மதிப்பீடு

மொத்தம் 100-க்கு 69. நேர்காணலுக்குக் கூப்பிடலாம், ஆனால் ஆடிட் விஷயத்தில் துருவிக் கேட்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

சுகாதாரத் தரங்கள், 40-க்கு 34. இந்த ரெஸ்யூமேயின் பலமே இதுதான். 'ஹாசப் தெரியும்' என்று ஒரே வரியில் முடிக்காமல், பால் ஆலையில் பாஸ்ச்சரைசருக்கு 72 டிகிரி செல்சியஸ், 15 விநாடி என்ற வரம்பை எப்படிக் கண்காணித்தார், வெப்பம் இறங்கினால் பாலைத் திருப்பிவிடும் வால்வை ஷிப்ட் தொடங்கும்போதே எப்படிச் சோதித்தார் என்பது வரை எழுதியிருக்கிறார். இயந்திரத்தைக் கழற்றாமலே செய்யும் சிஐபி கழுவல் முடிந்ததும் ஸ்வாப் எடுத்து, மிச்ச அழுக்கைக் காட்டும் ஏடிபி அளவு கூடுதலாக வந்தால் உற்பத்தி அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் லைனை ஓடவிடாமல் மறுபடி கழுவ வைத்ததாகவும் இருக்கிறது. வேலையில் இறங்கிப் பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும். 6 மதிப்பெண் குறைத்தது, ஒவ்வாமைப் பொருள் கட்டுப்பாடு பற்றி ஒரு சொல்கூட இல்லாததால். நம் விளம்பரம் அதைத் தனியாகவே கேட்கிறது.

ஆடிட், 40-க்கு 19. 'பல ஆடிட்களில் பங்கேற்றேன்' என்று போட்டிருக்கிறார். ஆடிட் செய்தவராகவா, ஆடிட்டருக்குப் பதில் சொன்னவராகவா? மற்ற வரிகளைச் சேர்த்துப் படித்தால் ரெக்கார்டு எடுத்துக் கொடுத்தவர் என்றுதான் படுகிறது. அதுவும் நல்ல அனுபவம்தான், ஆனால் நமக்கு வேண்டியது செக்லிஸ்ட் தயாரித்து, தளத்தில் நடந்து பார்த்து, குறையை ஆதாரத்தோடு எழுதத் தெரிந்த ஆள். உள் ஆடிட்டர் பயிற்சிச் சான்றிதழ் 2016-ஆம் ஆண்டுக்கானது, அதாவது ஐஎஸ்ஓ 22000-இன் 2005 பதிப்புக் காலத்தது. 2018-இல் புதிய பதிப்பு வந்து தரத்தின் அமைப்பே மாறிவிட்டது, அதற்குப் பிறகு பயிற்சி எடுத்ததாக எதுவும் இல்லை. சப்ளையர் ஆடிட்டும் கிடையாது. இந்த 19-ஐ வாங்கித் தந்தது ஒரே ஒரு பத்திதான்: குளிர் அறைக் கதவின் கேஸ்கெட்டில் பூஞ்சை என்ற குறைக்கு, துடைத்துவிட்டோம் என்று எழுதி மூடாமல், கதவு சரியாகப் பொருந்தாததால் ஈரம் தங்கியதைக் கண்டுபிடித்து, கீலைச் சரிசெய்து, பிறகும் தொடர்ந்து சோதித்திருக்கிறார். மூல காரணம் தேடும் புத்தி இருக்கிறது, அதை மதிக்க வேண்டும்.

படிப்பு, ஆய்வக அறிவு, 20-க்கு 16. உணவுத் தொழில்நுட்பப் பட்டம், நுண்ணுயிர்ச் சோதனை அனுபவம், போதும்.

நடுவில் எட்டு மாத இடைவெளி இருக்கிறது, அதற்கு எதையும் குறைக்கவில்லை, விளம்பரத்தில் அதற்கு இடமும் இல்லை.

நேர்காணலில் இரண்டைக் கேளுங்கள். ஒன்று, தானே எழுதிய குறை அறிக்கை ஒன்றை வரி வரியாகச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம், ஒரே லைனில் வேர்க்கடலைப் பொருளும் வேர்க்கடலை இல்லாத பொருளும் ஓடினால் இடையில் சுத்தம் செய்தது போதும் என்று எதை வைத்து நிரூபிப்பார் என்று கேளுங்கள். முதல் கேள்விக்குத் தெளிவாகப் பதில் வந்தால் ஆடிட் மதிப்பெண்ணை 28 வரை உயர்த்த எனக்குச் சம்மதம்.