ஜெபினின் இடது கை

கேக் வெட்டியாயிற்று. எல்லார் கையிலும் திராட்சை ரசம் வந்துவிட்டது. அடுத்து மாப்பிள்ளைத் தோழனின் வாழ்த்துரை என்று அறிவித்தார்கள். குலசேகரம் சர்ச் ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எழுதி வந்த தாளைச் சட்டைப்பையிலேயே விட்டுவிட்டு மைக்கைப் பிடித்தேன்.

"ஷைனி, நிச்சயதார்த்தத்தன்று என்னிடம் ஒன்று கேட்டாய். ஜெபினின் இடது உள்ளங்கையில் இருக்கிற தழும்பு எப்படி வந்தது என்று. கிறிஸ்துமஸுக்கு வெடி போட்டபோது சுட்டுக்கொண்டேன் என்று அவன் சொல்லியிருந்தான். நானும் ஆமாம் என்றேன். அது உண்மையில்லை."

மேடையில் ஜெபின் சட்டென்று நிமிர்ந்தான். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினான்.

"தலையை ஆட்டாதே ஜெபின். இத்தனை வருஷம் நீ சொன்னதைத்தான் கேட்டேன். இன்றைக்கு ஒருநாள் நான் சொல்வதை நீ கேள்.

2013 டிசம்பர். நாங்கள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தோம். 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிப் போன ரப்பர் விலை இறங்கிக்கொண்டே வந்தது. மறுபடி ஏறும் என்று பலரும் ஷீட்டை விற்காமல் வைத்திருந்தார்கள். நான் மாமா என்று கூப்பிடும் ஜெபினின் அப்பாவும் வைத்திருந்தார். ஜெபினை இன்ஜினியரிங் சேர்க்க அந்தப் பணம்தான். ரப்பர் பால் உறைந்து, ரோலரில் அடித்து, வெயில் காட்டி, புகைபோட்டு உலர்த்தும் புகைப்புரையில் வரிசையாகத் தொங்கிய ஷீட்டுகள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன. அவற்றில் பாதிக்கு மேல் என் அப்பா வெட்டிய பால்."

முன்வரிசையில் ஜெபினின் அப்பா ஊன்றுகோலைக் கால்களுக்கு நடுவே நட்டு உட்கார்ந்திருந்தார். என் அப்பா வழக்கம்போல் கடைசி வரிசையில்.

"மாமாவும் அத்தையும் அன்று ராத்திரி திருவட்டாறு போயிருந்தார்கள். நெருப்பைப் பார்த்துக்கொள் என்று ஜெபினிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். புகைப்புரையில் தீ கொழுந்துவிடக் கூடாது, கனன்று புகைய வேண்டும். பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும். அந்த ராத்திரி அவன் தூங்கிவிட்டான், அதனால்தான் புகைப்புரை எரிந்தது. மாமாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்."

நாக்கு வறண்டது. கையிலிருந்த ரசத்தில் ஒரு மிடறு குடித்தேன்.

"அவன் தூங்கியது உண்மை. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. போய்ப் படு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பியது நான். தீக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். ஒன்பது மணிக்கு ரோட்டில் கேரல் வந்தது. டிரம் சத்தம் கேட்டதும் இருப்புக் கொள்ளவில்லை. திரும்பி வரும்வரை அணையாமல் இருக்கட்டும் என்று காய்ந்த தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் அள்ளிப் போட்டுவிட்டு ஓடினேன்.

வந்து பார்த்தபோது கூரை எரிந்துகொண்டிருந்தது. காய்ச்சலோடு ஜெபின் உள்ளே புகுந்து ஷீட்டை இழுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தான். உருகிய ரப்பர் அவன் கையில் ஒட்டிக்கொண்டது. உரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது. அந்த வலியிலும் அவன் என்னிடம் சொன்னது ஒன்றுதான். 'நீ இங்க வரவே இல்ல. தெரிஞ்சா உங்க அப்பாவுக்கு வேலை போயிரும்.'

மறுநாள் அவன் வாங்கிய அடி எங்கள் வீடுவரை கேட்டது. என் அப்பா மறுநாளும் பால் வெட்டப் போனார். அந்த வேலையில்தான் நான் நாகர்கோவிலில் காலேஜ் படித்தேன். ஜெபின் ஐடிஐ போனான். நான் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சத்தியம் வாங்கினான்.

மாமா, உங்கள் மகன் பொறுப்பில்லாதவன் இல்லை. பொறுப்பை விட்டுவிட்டு ஓடியவன் நான். ஷைனி, அந்தக் கை இன்றைக்கு உன் கையைப் பிடித்திருக்கிறது. அது எப்படிப்பட்ட கை என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் நல்லா இருக்கணும்."

யாரும் கைதட்டவில்லை. ஜெபின் குனிந்திருந்தான். ஷைனி அவன் இடது கையைத் திருப்பித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊன்றுகோல் தரையில் தட்டும் சத்தம் கேட்டது. மாமா மேடையேறினார். மகனின் உள்ளங்கையை விரித்துத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினார். அடித்த கை நடுங்கியது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"மக்களே, உங்க அப்பா எங்க?"

"பின்னாடி இருக்காரு மாமா."

"கூப்பிடு. பந்தியில எனக்குப் பக்கத்துல இருக்கட்டும்."