படப்பையில் எட்டு வீடுகள்: மூன்றாண்டு கம்பெனி லீஸுக்கான முன்மொழிவு

படப்பை
9-6-2025

பெறுநர்: மேலாளர், ஊழியர் குடியிருப்புப் பிரிவு, ஒரகடம் ஆலை

ஐயா / அம்மா,

வணக்கம். தங்கள் ஊழியர்களுக்கு வீடு தேடுவதாகத் தங்கள் பிரிவிலிருந்து போனில் கேட்டிருந்தீர்கள். படப்பையில் வண்டலூர்–வாலாஜாபாத் சாலைக்கு அருகே எங்களுக்குச் சொந்தமான கட்டடத்தில் எட்டு வீடுகளை மூன்றாண்டுக்குத் தர முன்வருகிறோம். லீஸ் என்றதும் ஒத்திக்கு மொத்தப் பணம் கேட்பதாக நினைக்க வேண்டாம். மாத வாடகைதான்.

கட்டடம் 2019-இல் கட்டியது. கீழே வண்டி நிறுத்தம், மேலே மூன்று தளம், தளத்துக்கு மூன்று வீடு. முதல் தளத்தில் ஒன்றில் நாங்கள் குடியிருக்கிறோம். எல்லாமே இரண்டு படுக்கையறை வீடுகள், தனித்தனி மின் மீட்டர். லிப்ட் கிடையாது. போர் தண்ணீர் உப்பு, குடிக்கக் கேன்தான் வாங்க வேண்டும். மூன்றாம் தளம் சித்திரை, வைகாசியில் நன்றாகக் காயும். அதனால்தான் அங்கே வாடகை குறைவு. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குபவர்களை முதல் இரண்டு தளங்களில் வைத்தால் நல்லது.

வாடகை: முதல் இரண்டு தளங்களின் ஐந்து வீடுகளுக்குத் தலா 14,500 ரூபாய், மூன்றாம் தளத்தின் மூன்றுக்குத் தலா 13,500. ஆக மாதம் 1,13,000. இரண்டு ஆண்டுகளுக்கு உயர்வு இல்லை. மூன்றாம் ஆண்டில் 6 சதவீதம் கூடி 1,19,780 ஆகும். முன்பணம் மூன்று மாத வாடகை, 3,39,000 ரூபாய். மோட்டார், பெருக்குதல், பொது விளக்குக்கு வீட்டுக்கு 1,200 தனி. மின்கட்டணம் குடியிருப்பவர் பொறுப்பு.

வாடகையை ஒவ்வொரு மாதமும் 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் 10 சதவீதம் பிடித்துக்கொண்டு ஒரே தொகையாக வங்கியில் செலுத்தினால் போதும். ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் வீட்டை வாடகைக்கு எடுத்தால் 18 சதவீத வரியை நிறுவனமே நேரடியாகக் கட்ட வேண்டும் என்பது 2022 ஜூலை முதல் நடைமுறை. மேலே சொன்ன வாடகையில் அது சேரவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். முத்திரைத்தாள், பதிவுச் செலவில் பாதியை நாங்கள் ஏற்கிறோம்.

மூன்று ஆண்டும் நாங்களாகக் காலி செய்யச் சொல்ல மாட்டோம். தங்கள் தரப்பில் முதல் 18 மாதம் கட்டாயம். அதன்பின் மூன்று மாத முன்னறிவிப்பில் எத்தனை வீட்டை வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம், எட்டையும் சேர்த்து விட வேண்டியதில்லை. ஆள் மாறினால் புது ஒப்பந்தம் வேண்டாம், பெயர், அடையாள அட்டை நகலுடன் ஒரு கடிதம் போதும். ஆனால் ஒரு வீட்டில் நான்கு பேருக்கு மேல் தங்கக் கூடாது, தொட்டியும் கழிவுநீர்க் குழாயும் அதற்குத்தான் தாங்கும்.

மோட்டார், குழாய், ஒயரிங் பழுது எங்கள் செலவு. காலி செய்யும்போது சாதாரணத் தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை. ஆணி அடித்த சுவரும் உடைந்த கதவும் சேரும் நாளில் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்படும். இதற்கு முன் வாடகைக்கு இருந்தவர்களோடு எங்களுக்கு மனக்கசப்பு வந்ததெல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஐந்து வீடுகள் இப்போதே காலி. மற்ற மூன்றும் ஜூலை இறுதியில் காலியாகும், அவற்றுக்கு ஒப்படைத்த நாளிலிருந்து வாடகை கொடுத்தால் போதும். ஜூன் 25 வரை வேறு யாருக்கும் முன்பணம் வாங்க மாட்டோம். பார்க்க வருவதென்றால் மாலை வேளையில் வாருங்கள், ஷிப்ட் பஸ் நிற்குமிடத்திலிருந்து எவ்வளவு நடக்க வேண்டும் என்பதையும் நேரில் பார்த்துவிடலாம். பத்திர நகல், சொத்து வரி ரசீது, வில்லங்கச் சான்று எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
கட்டட உரிமையாளர்