மின்கலத்தின் அக மின்தடை: நெட் கிடைக்காத வீட்டுக்கும் சேர்த்து ஒரு ஃபிளிப்டு பாடத் திட்டம்

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், மின்னோட்டவியல். உசிலம்பட்டி வட்டாரத்து அரசு மேல்நிலைப் பள்ளி, 12-ஏ, 38 பேர். பாடம் திங்கள்கிழமை மூன்றாவது பீரியட், 45 நிமிடம். வீட்டுத்தாள் வியாழக்கிழமையே கைக்குப் போய்விட வேண்டும். பி பிரிவுக்கும் இதையே எடுக்கப் போவதாக டீச்சர் சொன்னதால் சில இடங்களை விரித்தே எழுதியிருக்கிறேன்.

வீட்டு நிலைமை

"போன் இருக்கா?" என்று கேட்டால் எல்லாக் கையும் மேலே போகும். அதனால் துண்டுச் சீட்டில் வேறு மாதிரி கேட்டேன்: போன் உன் கைக்கு எப்போது வரும், அப்போது அதில் டேட்டா மிச்சம் இருக்குமா? நினைத்த நேரத்தில் வீடியோ பார்க்க முடிந்தவர்கள் 9 பேர். அப்பா வேலை முடிந்து வந்தபின் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் என்றவர்கள் 21 பேர். அதற்குள் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும், இல்லையென்றால் டவர் இருக்காது. மீதி 8 பேர் வீட்டில் பட்டன் போன்தான். மல்லிகைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளைகள் விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவர்கள், ராத்திரி சீக்கிரமே படுத்துவிடுவார்கள்.

ஆகவே முதன்மைப் பாடம் தாளில் இருக்கும். வீடியோ அதற்குத் துணை மட்டுமே. வீடியோவில் மட்டும் இருக்கிற எந்த விஷயத்தையும் திங்கள்கிழமை வகுப்பில் கேட்கக் கூடாது. இந்த ஒன்றைக் கறாராகப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதை எப்படியும் சமாளிக்கலாம்.

வீடியோ, ஆடியோ

ஏழு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கரும்பலகையும் என் குரலும் போதும், முகம் தேவையில்லை. போனில் எடுத்ததை அப்படியே குரூப்பில் போட்டால் பாதிப் பேருக்கு இறங்காது. ஹைடெக் லேப் கணினியில் சுருக்கிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்:

```
ffmpeg -i agam.mp4 -vf scale=-2:360 -r 15 -c:v libx264 -crf 30 -c:a aac -ac 1 -b:a 48k agam_s.mp4
ffmpeg -i agam.mp4 -vn -ac 1 -b:a 32k agam.mp3
```

இரண்டாவது வரி பட்டன் போன்காரர்களுக்கு. ஏழு நிமிட ஆடியோ 2 எம்பிகூட வராது. கையில் தாளை வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி, "படம் ஒன்றைப் பாருங்கள்" என்று சொல்லிச் சொல்லியே பேசிப் பதிய வேண்டும்.

பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது, ஆனால் மெமரி கார்டு கொண்டுவரலாம். வெள்ளிக்கிழமை மதியம் லேபில் கார்டில் ஏற்றிக் கொடுத்துவிடலாம். கார்டும் இல்லாதவர்களுக்கு அதே மதிய இடைவேளையில் லேபிலேயே ஒருமுறை ஓட்டிக் காட்டுவோம். சாயங்காலம் வேண்டாம்; எழுமலை பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டிவரும்.

வீட்டுத்தாள் (ஒரு பக்கம், அப்படியே நகல் எடுக்கலாம்)

உங்கள் வீட்டு டார்ச் செல்லில் 1.5 V என்று போட்டிருக்கும். அது மின்னியக்கு விசை, E. செல்லில் எதையும் இணைக்காதபோது இரு முனைகளுக்கும் இடையே இருக்கும் மின்னழுத்த வேறுபாடு இதுதான்.

பல்பை இணைத்ததும் மின்னோட்டம் வெளிச்சுற்றில் மட்டும் ஓடுவதில்லை, செல்லுக்குள்ளும் ஓடுகிறது. உள்ளே இருக்கும் மின்பகுபொருளும் மின்வாய்களும் அதைத் தடுக்கின்றன. இந்தத் தடையே அக மின்தடை, r. அதனால் Ir அளவு மின்னழுத்தம் உள்ளேயே செலவாகி, மிச்சம்தான் பல்புக்குக் கிடைக்கிறது.

V = E − Ir

I = E / (R + r)

r = ((E − V) / V) × R

படம் 1: செல்லைச் சுற்றிப் புள்ளிக்கோட்டில் ஒரு கட்டம். கட்டத்துக்குள் E, r இரண்டும் தொடராக, வெளியே R.

நோட்டில் எழுதி வாருங்கள். தப்பானாலும் பரவாயில்லை, வெறும் தாளாக வேண்டாம்.

1. E = 1.5 V, r = 1 Ω, R = 5 Ω. I எவ்வளவு, V எவ்வளவு?

2. ராத்திரி நேரத்தில் எஞ்சின் ஓடாத பைக்கில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் ஸ்டார்ட் அடித்தால் லைட் ஒரு கணம் மங்குகிறது. ஏன்?

3. ஒரு பழைய செல்லை மல்டிமீட்டரில் வைத்தால் 1.35 V காட்டுகிறது. டார்ச்சில் போட்டால் எரியவில்லை. மீட்டர் பொய் சொல்கிறதா?

திங்கள்கிழமை வரும்போது ரிமோட்டிலோ கடிகாரத்திலோ தீர்ந்துபோன பென்சில் செல் ஒன்று கொண்டுவாருங்கள். வீட்டில் செல்லின் இரு முனைகளையும் கம்பியால் நேரடியாக இணைக்க வேண்டாம். போன் பேட்டரியையும் பிளக் பாயின்டையும் தொடவே வேண்டாம்.

(விடை, ஆசிரியருக்கு: முதல் கேள்விக்கு 0.25 A, 1.25 V.)

வகுப்பில்

முதல் ஐந்து நிமிடம் நோட்டு பார்க்க. வெறும் நோட்டோடு வந்தவர்களை நிற்க வைக்க வேண்டாம், காரணமும் கேட்க வேண்டாம். முன் பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஐந்து நிமிடத்தில் தாளைப் படிக்கட்டும். பிறகு அவர்கள் குழுவில் ரீடிங் குறிப்பவர்கள் அவர்களே. லேபில் ஒழுங்காக வேலை செய்யும் மல்டிமீட்டர் ஆறுதான், ஆகவே குழுவும் ஆறு. வீடியோ பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குழுவில் சேராமல் பிரித்துவிட வேண்டும்.

அடுத்த 20 நிமிடம் அளவீடு. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு புதிய செல், பிள்ளைகள் கொண்டுவந்த பழைய செல் ஒன்று, 10 Ω, 22 Ω, 47 Ω மின்தடையங்கள். 10 Ω மட்டுமாவது அரை வாட் ஆக இருக்கட்டும், கால் வாட் சூடேறிவிடும். முதலில் எதையும் இணைக்காமல் E. பிறகு ஒவ்வொரு மின்தடையமாக இணைத்து இரண்டு மூன்று விநாடிக்குள் V படித்துவிட்டு எடுத்துவிட வேண்டும். இணைத்தபடியே விட்டால் பழைய செல்லின் அளவு இறங்கிக்கொண்டே போகும், குழுவுக்குள் சண்டை வரும். மின்னோட்டத்தை அளக்க வேண்டாம், I = V / R என்று கணக்கிட்டால் போதும். அம்மீட்டராக மாற்றப் போய்த்தான் மல்டிமீட்டரின் ஃபியூஸ் போகிறது.

நான் ஒரு பழைய செல்லில் பார்த்தது:

10 Ω: V = 0.90 V, I = 0.090 A
22 Ω: V = 1.10 V, I = 0.050 A
47 Ω: V = 1.22 V, I = 0.026 A

இணைக்காதபோது 1.35 V. சூத்திரத்தில் போட்டால் r சுமார் 5 Ω. இதையே I கிடை அச்சிலும் V செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் கோடு சரிந்து இறங்கும். சாய்வு −r, V அச்சை வெட்டும் இடம் E. புதிய செல்லில் r அரை ஓம் அளவுதான் வந்தது, கோடு ஏறக்குறைய படுத்தே கிடக்கும். வரைபடத்துக்குத் தீர்ந்துபோன செல்தான் நல்லது. குப்பைக்குப் போக வேண்டிய செல்லைக் கொண்டுவரச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. 'செல் தீர்ந்துவிட்டது என்றால் வோல்ட் தீர்ந்துவிட்டது' என்ற எண்ணம் இவர்களிடம் ஆழமாக இருக்கிறது. மூன்றாவது கேள்வியை இப்போது திரும்பக் கேட்க வேண்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. அதன் உள்தடை மிக அதிகம், அது இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, ஆகவே Ir இழப்பு தெரிவதில்லை. டார்ச் பல்பு நிறைய இழுக்கிறது, V சரிந்துவிடுகிறது. இதைப் பிள்ளைகள் வாயாலேயே வரவைக்கப் பத்து நிமிடம் ஆனாலும் ஆகட்டும்.

வேகமாக முடிக்கும் குழுவுக்கு ஒன்று: சார்ஜ் ஏறும்போது 12 V பைக் பேட்டரியின் முனைகளில் 14 V வாக்கில் காட்டுகிறதே, எப்படி? மின்னோட்டம் எதிர்த்திசை, V = E + Ir.

மிச்ச நேரத்தில் துண்டுத்தாளில் ஒரே கணக்கு: E = 2 V; R = 4 Ω இணைத்தபோது V = 1.6 V; r காண்க. (விடை 1 Ω.) பெயர் எழுதி வாங்கிவிட வேண்டும். பத்துப் பேருக்கு மேல் தப்பினால் செவ்வாய்க்கிழமை முதல் பதினைந்து நிமிடம் இதற்கே. இல்லாவிட்டால் நேராக மின்னழுத்தமானி. அதற்கான வீட்டுத்தாளையும் துண்டுத்தாள் வாங்கும்போதே கையில் கொடுத்துவிடலாம், நகல் 40.