தம்பியின் ரெஃபரல் போஸ்ட், திருத்தி எழுதியது

தம்பி,

நீங்கள் அனுப்பின போஸ்ட்டை வாசித்தேன். "வணக்கம் உறவுகளே, நான் ஒரு ஐடி பட்டதாரி, யுத்தத்தில் அப்பாவை இழந்த குடும்பம், எந்த வேலை என்றாலும் பரவாயில்லை, யாராவது உங்கள் கொம்பனியில் ரெஃபர் பண்ணி விடுங்கோ, சிவி வேணுமெண்டால் இன்பொக்ஸ் வாங்கோ, ஷெயர் பண்ணுங்கோ." இதை அப்படியே போட்டால் நிறையப் பேர் "ஆல் த பெஸ்ட்" என்று எழுதுவார்கள், சிலர் ஷெயரும் பண்ணுவார்கள். ரெஃபர் பண்ணக்கூடிய ஆள் மட்டும் வாசித்துவிட்டுக் கடந்து போய்விடுவார். அவருக்கு மனமில்லை என்பதில்லை, என்ன செய்வது என்று அவருக்குத் தெரியாது.

நீங்கள் சொன்ன விபரங்களை வைத்து முழுக்க மாற்றி எழுதியிருக்கிறேன். இதைப் போடுங்கள்:

---

மென்பொருள் டெஸ்டிங் வேலை (ட்ரெய்னி அல்லது ஜூனியர் கியூஏ): ரெஃபரல் உதவி கேட்கிறேன். யாழ்ப்பாணம் அல்லது கொழும்பு.

வணக்கம். என் ஊர் புதுக்குடியிருப்பு. வவுனியாப் பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பை 2025இல் முடித்தேன். மென்பொருள் டெஸ்டிங் துறையில் முதலாவது நிரந்தர வேலையைத் தேடுகிறேன்.

செய்த வேலை: கொழும்பில் ஒரு சிறிய நிறுவனத்தில் 6 மாதம் பயிற்சி. கடைகளுக்கான பில்லிங் செயலி ஒன்றை டெஸ்ட் பண்ணினேன். விலைக்கழிவும் வரியும் சேர்ந்து வரும் பில்களில் மொத்தத் தொகை சில சதம் பிழைத்ததைக் கண்டுபிடித்து, எந்த ஒழுங்கில் செய்தால் அந்தப் பிழை வருகிறது என்று எழுதிக் கொடுத்தேன். செயலி கடைகளுக்குப் போக முன்னமே அது திருத்தப்பட்டது. இப்படியான பிழை அறிக்கைகளில் மூன்றை, நிறுவனத்தின் பெயரையும் தரவுகளையும் நீக்கி, அவர்களின் அனுமதியோடு மாதிரியாக வைத்திருக்கிறேன். கேட்டால் அனுப்புவேன்.

தெரிந்தவை: கையால் செய்யும் டெஸ்டிங், டெஸ்ட் கேஸ் எழுதுதல், ஜிரா, போஸ்ட்மேன், அடிப்படை எஸ்கியூஎல். செலினியம் இப்போதுதான் பழகுகிறேன், தனியாக வேலை செய்யும் அளவுக்கு இன்னும் வரவில்லை. ஐஎஸ்டிகியூபி அடிப்படை நிலைப் பரீட்சையை மார்ச் மாதம் எழுதுகிறேன்.

மொழி: ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவேன், கூட்டங்களில் பேசுவேன், கொஞ்சம் மெதுவாக. சிங்களம் கேட்டால் ஓரளவு விளங்கும், பேச வராது.

இடம்: கொழும்பு என்றால் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கலாம். யாழ்ப்பாணம் என்றால் அறை எடுத்துக்கொள்வேன். வேலை கிடைத்து ஒரு கிழமைக்குள் சேரலாம்.

உங்களால் முடிந்தது கீழே உள்ளவற்றில் எதுவோ, அந்த இலக்கத்தை மட்டும் கொமென்டில் போடுங்கள். நானே இன்பொக்ஸுக்கு வருகிறேன்.

1 - உங்கள் நிறுவனத்தில் இப்படி ஒரு வெற்றிடம் இருக்கிறது, என்னை ரெஃபர் பண்ண யோசிக்கலாம்.
2 - உங்களால் ரெஃபர் பண்ண முடியாது, ஆனால் வெற்றிடம் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.
3 - நீங்களும் டெஸ்டிங் துறையில் இருக்கிறீர்கள், என் சிவியைப் பார்த்து ஒரு குறை சொல்லலாம்.

1 போடுபவர்களுக்கு: என்னை உங்களுக்குத் தெரியாது. அதனால் ரெஃபர் பண்ண முதல் 15 நிமிடம் கோல் எடுத்து என்ன கேள்வியும் கேளுங்கள். பேசின பிறகு சரிவராது என்று பட்டால் "இப்ப ஏலாது" என்ற ஒரு வரி போதும், காரணம் கேட்கமாட்டேன். சரி என்றால், ஒரு பக்க சிவி பிடிஎஃப் ஆக, வெற்றிடத்தின் இலக்கமும் லிங்க்கும், என்னைப் பற்றி நீங்கள் அப்படியே எடுத்துப் போடக்கூடிய நான்கு வரி ஆங்கிலத்தில், இவ்வளவும் அன்றிரவே உங்களுக்கு வந்துவிடும். உங்கள் நிறுவனத்துக்கு நான் நேரடியாக விண்ணப்பித்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்வேன்.

காசு கட்டினால் வேலை என்று சொல்பவர்கள் தயவுசெய்து வரவேண்டாம்.

இந்த மாதம் 28ஆம் திகதி வரை பதில்களைப் பார்ப்பேன். அதன் பிறகு, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இதே போஸ்ட்டில் எழுதிவிடுகிறேன். வாசித்ததற்கு நன்றி.

---

நான் எடுத்த ஒன்றைப் பற்றி உங்களோடு பேச வேண்டும். அப்பாவைப் பற்றிய வரி. அதை எடுக்க எனக்கே கை வரவில்லை. 2009இல் நீங்கள் எந்த வயதில் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். வன்னியில் அந்த வரியை வாசித்துவிட்டு நெஞ்சு கனக்காத ஆள் இல்லை. ஆனால் ரெஃபர் பண்ணுகிறவர் அடுத்த நாள் தன் மனேஜரிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும். "பாவம், கஷ்டப்பட்ட பிள்ளை" என்று சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு அடுத்த சிவியை எடுப்பார். "பில்லில் சதக்கணக்குப் பிழையைப் பிடித்தவன்" என்றால் எப்படிப் பிடித்தான் என்று கேட்பார். இன்னொன்று, அந்தக் கதையை யாருக்குச் சொல்வது என்பது உங்கள் கையில் இருக்க வேண்டிய விஷயம். முகம் தெரியாத ஆட்கள் கொமென்டில் அதற்கு அனுதாபம் சொல்வதையும், சிலவேளை சண்டை பிடிப்பதையும், அம்மா பார்க்க வேண்டுமா? வேண்டும் என்று நினைத்தால் திரும்பப் போடுங்கள், நான் கோவிக்கமாட்டேன்.

"எந்த வேலை என்றாலும்" என்பதையும் எடுத்துவிட்டேன். அதை வாசிக்கிறவர் உங்களுக்காக வேலையைத் தேடி, உங்களுக்குப் பொருந்துமா என்றும் யோசிக்க வேண்டும். அவருக்கு அவ்வளவு நேரம் இல்லை.

நேரடி விண்ணப்பம் பற்றிய வரி சின்னதாகத் தெரியும், ஆனால் விடாதீர்கள். நீங்கள் ஏற்கனவே இணையத்தளத்தில் விண்ணப்பித்திருந்தால், சில கொம்பனிகளில் அதன் பிறகு வரும் ரெஃபரலைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ரெஃபர் பண்ணினவருக்கு அது பிறகு தெரியவந்தால் சங்கடமாகப் போய்விடும். விண்ணப்பித்த இடங்களை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். போன் நம்பரும் அடையாள அட்டை இலக்கமும் போஸ்ட்டில் வேண்டாம், சிவியையும் பகிரங்கமாக ஏற்ற வேண்டாம்.

செலினியம் "பழகுகிறேன்" என்று எழுதினது பலவீனமாகத் தெரியும் என்று சொல்வீர்கள். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்படும் தம்பி, அப்போது ரெஃபர் பண்ணினவரின் பெயரும் சேர்ந்து கெடும்.

ஞாயிறு இரவு போடுங்கள், அடுத்த நாள் வேலைக்குப் போகிறவர்கள் அந்த நேரம் போனோடுதான் இருப்பார்கள். என் கொம்பனியில் இப்போது டெஸ்டிங் வெற்றிடம் இல்லை, அதனால் 1 போட என்னால் ஏலாது. 3 போடுகிறேன். சிவியை அதற்கு முதல் அனுப்பிவிடுங்கள்.

அக்கா