ஒன்பதாம் வகுப்பு தமிழ்க் கட்டுரை: மதிப்பீட்டு அளவுகோல்

தலைப்பு: எங்கள் ஊர் ஏரி
அளவு: ஏறத்தாழ 250 சொற்கள். மொத்த மதிப்பெண்: 20

மாணவர்களுக்கு: எழுதத் தொடங்கும் முன்பே இதைப் படித்துவிடுங்கள். சென்ற பருவத்தில் ஒரே கட்டுரைக்கு நான் 15 போட்டேன், இன்னொரு ஆசிரியர் 10 போட்டார். தவறு எழுதிய பிள்ளையுடையது அல்ல. எதற்கு எத்தனை என்று நாங்கள் முன்கூட்டிப் பேசி வைக்கவில்லை. இம்முறை நால்வகையிலும் தனித்தனியே மதிப்பெண் இட்டு, கடைசியில் கூட்டுவோம். ஒரு வகையில் சறுக்கினால் அது மற்றொன்றைப் பாதிக்காது.

1. கருத்தும் சான்றும் (8 மதிப்பெண்)

7–8: இந்தக் கட்டுரையை வேறு ஊர்ப் பிள்ளை எழுதியிருக்க முடியாது. மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய், கரை இவற்றில் சிலவற்றையாவது நேரில் பார்த்து எழுதியது தெரிகிறது. சிக்கல் என்ன, அது ஏன் வந்தது, யார் என்ன செய்யலாம் என்ற மூன்றுக்கும் பதில் இருக்கிறது. மூன்றும் இருந்து ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் 7.

5–6: நம் ஊர்ச் செய்தி உண்டு, காரணம் சொல்லப்படவில்லை, அல்லது தீர்வு பொதுப்படையாக நிற்கிறது.

3–4: எந்த ஏரிக்கும் பொருந்தும் செய்திகள். “நீர் மிகவும் முக்கியம், எனவே ஏரியைப் பாதுகாக்க வேண்டும்” என்பது இந்த நிலை. “வடக்கு மதகின் ஷட்டர் துருப்பிடித்துக் கிடக்கிறது, ஐப்பசி மழையில் நிறைந்த தண்ணீர் தை முடிவதற்குள் கசிந்துபோகிறது” என்று எழுதினால் மேல்நிலைக்குப் போகலாம்.

1–2: தலைப்பை விட்டு விலகியது, அல்லது இரண்டு மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பச் சொல்வது.

மேற்கோளுக்கும் வரலாற்றுச் செய்திக்கும் தனி மதிப்பெண் கிடையாது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் வருகிறது என்று எழுதினால் மகிழ்ச்சி. அதை நம் ஏரியை இன்று யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற கேள்வியோடு இணைத்தால்தான் அது சான்றாகும்.

2. கட்டமைப்பு (5 மதிப்பெண்)

5: முன்னுரை படித்ததும் கட்டுரை எதைப் பேசப்போகிறது என்று தெரிகிறது. ஒரு பத்திக்கு ஒரு கருத்து. ஒரு பத்தி முடியும் இடத்திலிருந்து அடுத்தது இயல்பாகப் பிறக்கிறது. பத்திகளை இடம் மாற்றினால் பொருள் கெட வேண்டும். கெடாவிட்டால் இந்த நிலை இல்லை.
3–4: பத்திகள் சரியாகப் பிரிந்திருக்கின்றன, வரிசை ஓரிரு இடத்தில் தடுமாறுகிறது, அல்லது முடிவுரை முன்னுரையையே திரும்பச் சொல்கிறது.
2: உட்தலைப்புகள் இருக்கின்றன, அவற்றின் கீழ் உள்ளவை தலைப்போடு ஒட்டவில்லை.
1: பத்தி பிரிக்காமல் ஒரே ஓட்டமாக எழுதியது.

3. மொழிநடை (4 மதிப்பெண்)

4: தெளிவான, அளவான வாக்கியங்கள். சொல் பொருளுக்குப் பொருந்துகிறது. ஊர் வழக்குச் சொற்களைத் தேவையான இடத்தில் தயங்காமல் ஆள்கிறது.
3: பொருள் எங்கும் புரிகிறது, சில வாக்கியங்கள் நீண்டு சிக்குகின்றன.
2: வழிகாட்டி நூலில் மனப்பாடம் செய்த அலங்கார வரிகள் நடுநடுவே துருத்துகின்றன.
1: பல வாக்கியங்கள் முடிவடையாமல் நிற்கின்றன.

4. பிழையின்மை (3 மதிப்பெண்)

3: இரண்டு பிழைகளுக்குள். 2: மூன்று முதல் ஆறு வரை. 1: ஏழு முதல் பன்னிரண்டு வரை. அதற்கு மேல் 0.

ஒரே சொல்லில் ஒரே பிழை எத்தனை முறை வந்தாலும் ஒன்றாகவே எண்ணுவோம். “ஏரியை பார்த்தேன்” என்று ஒற்றை விட்டதும், “ஏரிக்கறை” என்று எழுதியதும் ஒவ்வொரு பிழை. கரை வேறு, கறை வேறு, பொருளே மாறிவிடும்.

கையெழுத்துக்கு மதிப்பெண் இல்லை. படிக்க முடிந்தால் போதும். 250 சொல்லுக்குக் குறைந்ததற்காகவும் கழிக்க மாட்டோம்.

திருத்தும் ஆசிரியர்களுக்கு: முதலில் எல்லாக் கட்டுரைகளுக்கும் கருத்துக்கு மட்டும் மதிப்பெண் இடுங்கள், பிறகு அடுத்த வகைக்கு வாருங்கள். முதல் ஐந்து தாள்களை இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிடுவோம். ஒரே வகையில் இரண்டுக்கு மேல் வேறுபட்டால், கட்டுரையின் எந்த வரியைப் பார்த்து அந்த மதிப்பெண் இட்டோம் என்று இருவரும் காட்ட வேண்டும்.

மாதிரி: சீமைக்கருவேலம் கரையை மூடியதைக் கண்டு எழுதி, “அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும்” என்று மட்டும் முடித்த ஒரு கட்டுரை. கருத்து 5, கட்டமைப்பு 4, நடை 3, ஐந்து பிழைகளுக்கு 2. மொத்தம் 14. தாளின் ஓரத்தில் எழுத வேண்டிய குறிப்பு: “கருவேலத்தை யார் வெட்டுவது, எப்போது வெட்டுவது என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு ஒரு பத்தி சேர்.”