சுத்துப் பாதை

"தாத்தா, பாலம் கட்டுறதுக்கு முன்னாடி பஸ் எந்த வழியா போச்சு?"

பக்கத்து வீட்டுப் பையன் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டான். ரிட்டயர் ஆன கண்டக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

"ஏரிக்கரையைச் சுத்தித்தான். மொத்தம் 14 ஸ்டேஜ். ஒவ்வொரு ஸ்டேஜ்லயும் எந்த நம்பர் டிக்கெட் வரைக்கும் கிழிச்சிருக்குன்னு இன்வாய்ஸ்ல எழுதணும். செக்கிங் ஏறினா முதல்ல அதைத்தான் வாங்கிப் பார்ப்பாங்க."

"ஓடுற பஸ்ல எப்படி எழுதுவீங்க?"

எழுந்தார். இடுப்பைத் தூணில் முட்டுக்கொடுத்து, காலை அகட்டி, இல்லாத டிக்கெட் கட்டுகளை இடது கை விரலிடுக்கில் செருகிக் காட்டினார். காலையில் முழங்கால் வலி என்று புலம்பியவர்தான்.

பையன் கோடு இழுத்தான். ஆறாவது ஸ்டேஜ் தாண்டியதும் பென்சில் நின்றது. "இந்த வளைவுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல, ஒரு மரம். ஒரு அம்மா கூடையோட நிப்பாங்க. பாவமேன்னு நிறுத்தினோம். நாலு பேர் சேர்ந்தாங்க, அப்புறம் அதுவே ஸ்டாப் ஆயிடுச்சு."

"ரூல்ஸ்ல உண்டா?"

"டிரைவர் நல்லவர்டா."

"நிறுத்த எத்தனை விசில்?"

"நிக்க ஒண்ணு, கிளம்ப ரெண்டு. எழுதிக்கோ."